நீர்மட்டம் முதல் தாரை வரை

திறந்த தொட்டியின் பக்கச் சுவரில் சிறு துளை இருந்தால் நீர் அதன் வழியே தாரையாகப் பாயும். அந்தத் தாரையின் வேகத்தைக் கணக்கிட, தொட்டிக்குள் நீர் எந்தெந்தத் திசையில் எப்படி நகர்கிறது என்று அறிய வேண்டியதில்லை. நீரின் மேல்மட்டத்தில் ஒரு புள்ளி, வெளியேறிய தாரையில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் ஓட்டக்கோட்டின் மீது ஆற்றல் சமன்பாட்டை எழுதினால் போதும். சமன்பாட்டில் உறுப்புகள் மூன்றுதான்; மனப்பாடம் செய்வது எளிது. தவறுகள் பெரும்பாலும் சமன்பாட்டில் நேர்வதில்லை. புள்ளிகளை எங்கே வைப்பது, அந்த இடங்களில் அழுத்தமும் வேகமும் எவ்வளவு என்று தீர்மானிப்பதில்தான் நேர்கின்றன.

ஓட்டக்கோடு என்பது, சீராக ஓடும் நீரில் ஒரு துளி செல்லும் பாதை. அந்தப் பாதையின் ஒவ்வோர் இடத்திலும் துளியின் வேகம் அதன் திசையிலேயே இருக்கும். துளியிடம் மூன்று வகையில் ஆற்றல் இருப்பதாகக் கணக்கு வைக்கலாம்: அது இருக்கும் உயரத்தால் வருவது, அதைச் சூழ்ந்த அழுத்தத்தால் வருவது, அதன் வேகத்தால் வருவது. மூன்றையும் நீரின் எடையால் வகுத்துவிட்டால் மூன்றுமே மீட்டரில் வரும். பொறியாளர்கள் இதை ‘ஹெட்’ என்பார்கள். உராய்வால் எதுவும் வீணாகாது, ஓட்டம் நேரத்தோடு மாறாது, நீரின் அடர்த்தியும் மாறாது என்று கொண்டால், ஓட்டக்கோட்டின் எந்த இரு புள்ளிகளிலும் இம்மூன்றின் கூட்டுத்தொகை ஒன்றே:

p₁/ρg + v₁²/2g + z₁ = p₂/ρg + v₂²/2g + z₂

இதில் p அழுத்தம், v வேகம், z ஒரு பொது மட்டத்திலிருந்து உயரம், ρ அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம். டேனியல் பெர்னௌலி 1738-இல் வெளியிட்ட ‘ஹைட்ரோடைனமிகா’ நூலை ஒட்டி இது அவர் பெயரால் வழங்குகிறது. இன்று எழுதப்படும் வடிவத்துக்கு இதைக் கொண்டுவந்ததில் ஆய்லருக்குப் பெரும் பங்கு உண்டு.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். உருளை வடிவம், விட்டம் 1 மீட்டர், மேலே திறந்தது. பக்கச் சுவரில் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளை, விளிம்பு கூர்மையானது. துளையின் நடுவிலிருந்து நீர்மட்டம் வரை 1.8 மீட்டர். துளையிலிருந்து தரை வரை 1 மீட்டர்.

முதல் புள்ளி நீரின் மேல்மட்டத்தில். அங்கே நீரைத் தொட்டிருப்பது காற்று. ஆகவே அழுத்தம் வளிமண்டல அழுத்தமே. உயரத்தைத் துளையின் நடுவிலிருந்து அளந்தால் z₁ = 1.8. வேகம்? மட்டம் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே வேகம் சுழி அல்ல. ஆனால் துளையின் பரப்பு தொட்டியின் பரப்பில் ஏறக்குறைய 7,000-இல் ஒரு பங்கு. துளையில் வினாடிக்கு 6 மீட்டர் வேகம் இருந்தாலும் மேல்மட்டம் வினாடிக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இறங்கும். சமன்பாட்டில் வேகம் இருமடியாக வருவதால் இந்த உறுப்பு மற்றொன்றின் ஐந்து கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதை விட்டுவிடுவது சோம்பலல்ல, நியாயமான கணிப்பு. துளையின் விட்டம் தொட்டியின் விட்டத்தில் பாதியாக இருந்தால் கதை வேறு: அப்போது v₁-ஐ விட்டால் தாரையின் வேகத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதப் பிழை வரும்.

இரண்டாம் புள்ளி, வெளியே வந்துவிட்ட தாரையில். தாரையைச் சுற்றிலும் காற்று. ஓட்டக்கோடுகள் வளையாமல் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இடத்தில், அவற்றுக்குக் குறுக்கே அழுத்தம் மாற வேறு காரணம் இல்லை. ஆகவே வெளிக்காற்றின் அழுத்தமே தாரையின் உள்ளேயும் இருக்கும். 1.8 மீட்டர் உயர வேறுபாட்டால் காற்றழுத்தமும் சற்று மாறத்தான் செய்கிறது. அதன் மதிப்பு நீர் உயரத்தில் 2 மில்லிமீட்டர். அதையும் விடலாம். இருபுறமும் ஒரே அழுத்தம் என்பதால் p உறுப்புகள் கழிந்துபோகின்றன. z₂ சுழி. எஞ்சுவது இவ்வளவே:

v₂ = √(2gH)

H = 1.8, g = 9.81 என்று போட்டால் வேகம் வினாடிக்கு 5.94 மீட்டர். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் கல் கீழே வந்து சேரும் வேகமும் இதுவே. அடர்த்தி இந்த விடையில் இல்லை. தொட்டியில் நீருக்குப் பதில் அதைப்போல் 13.6 மடங்கு எடையுள்ள பாதரசம் இருந்தாலும் தாரையின் வேகம் மாறாது. பாதரசத்தைத் தள்ளும் அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு அதை நகர்த்துவதும் கடினமாகிறது.

இந்த விடை பெர்னௌலிக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. கலிலியோவின் மாணவரான காஸ்டெல்லி 1628-இல் எழுதிய நூலில், வெளியேறும் வேகம் ஆழத்துக்கு நேர் விகிதத்தில் கூடும் என்று கருதினார். 1644-இல் டாரிசெல்லி அதைத் திருத்தி, வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தோடு கூடும் என்றார். அவரிடம் ஆற்றல் சமன்பாடு கிடையாது. தாரையை மேல்நோக்கித் திருப்பினால் அது தொட்டியின் நீர்மட்டத்தை ஏறக்குறைய எட்டுகிறது. அந்த உயரம் ஏறத் தேவையான வேகம் அங்கிருந்து விழும் பொருள் அடையும் வேகமே என்பதுதான் அவருடைய வாதம். தாரை சற்றுக் குறைவான உயரத்தோடு நின்றுவிடுவதற்குக் காற்றின் தடையையும், மேலிருந்து திரும்பி விழும் நீரையும் காரணம் காட்டினார். கணிதம் குறைவு, கவனிப்பு அதிகம். இருந்தும் விடை சரி.

ஆற்றல் கணக்கு தாண்டிச் செல்லும் பகுதியில் நடப்பது சுவையானது. துளையின் மட்டத்திலேயே, ஆனால் அதிலிருந்து தள்ளி நிற்கும் நீரின் அழுத்தம் வளிமண்டலத்தைவிட 1.8 மீட்டர் நீருக்குச் சமமான அளவு, அதாவது 17.7 கிலோபாஸ்கல், கூடுதல். அங்கிருந்து துளைக்கு வரும் நீர் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. துளையிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி அதன் வேகம் வினாடிக்கு 2 சென்டிமீட்டர் கூட இல்லை. துளைக்கு ஒரு விட்ட தூரம், அதாவது 12 மில்லிமீட்டர், நெருங்கிய பின்னும் வேகம் அரை மீட்டருக்குள்தான். 180 சென்டிமீட்டர் உயர ஆற்றலில் 1 சென்டிமீட்டர் அளவே வேகமாக மாறியிருக்கிறது. மீதி 179 சென்டிமீட்டரும் கடைசி ஒரு விட்ட தூரத்திலும் துளையைத் தாண்டிய சிறு தூரத்திலுமாக மாறுகின்றன. தொட்டிக்குள் சாயமிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி நீர் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

புள்ளியைப் பிழையாக வைக்கும் வழக்கமான வகைகள் இரண்டு. ஒன்று, இரட்டைக் கணக்கு. முதல் புள்ளியை மேல்மட்டத்தில் வைத்து 1.8 மீட்டர் உயரத்தை எழுதிவிட்டு, ‘ஆழத்தில் அழுத்தமும் இருக்கிறதே’ என்று ρgH-ஐயும் அதே பக்கத்தில் சேர்ப்பது. விடை √2 மடங்கு பெருகி, வினாடிக்கு 8.4 மீட்டர் என்று வரும். உயரமும் அழுத்தமும் ஒரே புள்ளிக்கு உரியவையாக இருக்க வேண்டும். மேல்மட்டப் புள்ளிக்கு உயரம் உண்டு, கூடுதல் அழுத்தம் இல்லை. துளை மட்டத்தில் தள்ளி நிற்கும் புள்ளிக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு, உயரம் இல்லை. இரண்டில் எதிலிருந்து தொடங்கினாலும் 5.94 தான் வரும்; வந்த விடையைச் சரிபார்க்க இதுவே எளிய வழி.

இன்னொரு பிழை நுட்பமானது. அது நியூட்டனையே சிக்கவைத்தது. இரண்டாம் புள்ளியைத் துளையின் வாயிலேயே வைத்துவிடுவது அந்தப் பிழை. கூர்விளிம்புத் துளையில் நீர் நேராக வருவதில்லை. திருவிழா நாளில் கோயில் வாசலுக்குள் இரு பக்கமிருந்தும் நெருக்கி நுழையும் கூட்டம் போல, சுவரை ஒட்டி வரும் நீர் விளிம்பைத் தாண்டிய கணத்தில் திரும்பிவிட முடியாமல் உள்நோக்கியே செல்கிறது. அதனால் தாரை துளையைத் தாண்டிய பிறகும் சுருங்கிக்கொண்டே போய், ஏறக்குறைய அரை விட்ட தூரத்தில் கழுத்துப்போல் மெலிந்து, பிறகுதான் சீராகிறது. துளையின் வாயில் ஓட்டக்கோடுகள் வளைந்திருப்பதால் அங்கே நடுப்பகுதியின் அழுத்தம் இன்னும் வளிமண்டல அளவுக்கு இறங்கவில்லை. வேகமும் முழுமை அடையவில்லை. ‘p₂ வளிமண்டல அழுத்தம்’ என்று எழுத உரிமை கிடைப்பது அந்தக் கழுத்தில்தான்.

நியூட்டன் தம் ‘பிரின்சிபியா’வின் 1687-ஆம் ஆண்டுப் பதிப்பில், தாரையின் வேகம் பாதி உயரத்திலிருந்து விழும் வேகமே என்ற முடிவுக்கு வந்தார். வெளியேறும் நீரை அளந்து துளையின் பரப்பால் வகுத்தால் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றும். ஆனால் மேல்நோக்கிய தாரை முழு உயரத்தையும் கிட்டத்தட்ட எட்டிவிடுகிறதே? 1713-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் அவர் தாரையின் சுருக்கத்தைக் கணக்கில் கொண்டார். துளையின் விட்டம் 25 என்றால் கழுத்தின் விட்டம் 21 என்று அளந்தார். அப்படியானால் கழுத்தின் பரப்பு துளையினுடையதில் ஏறக்குறைய 0.7 பங்கு. வேகம் குறையவில்லை, பாயும் பரப்புதான் குறைந்தது. பிற்கால அளவீடுகள் இந்தச் சுருக்கக் குணகத்தை 0.61-க்கும் 0.64-க்கும் இடையே வைக்கின்றன. 1869-இல் கிர்கோஃப் நீண்ட பிளவுத் துளைக்கு வெறும் கணிதத்தாலேயே π/(π+2), அதாவது 0.611, என்று காட்டினார்.

இனித் தொட்டியிலிருந்து வினாடிக்கு எவ்வளவு நீர் வெளியேறும் என்று சொல்லலாம். துளையின் பரப்பு 1.131 சதுர சென்டிமீட்டர். அதை வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு 0.67 லிட்டர். சுருக்கத்துக்கு 0.62, விளிம்பில் உராய்வால் வேகம் சற்றே குறைவதற்கு 0.98, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.61. ஆகவே உண்மையில் வருவது வினாடிக்கு 0.41 லிட்டர். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பத்தில் நான்கு பங்கு நீர் குறைந்தது என்றதும் அத்தனை ஆற்றலும் உராய்வில் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். உராய்வில் போனது நான்கு சதவீதம் மட்டுமே. மற்றது இழப்பே அல்ல, தாரையின் வடிவம்.

இந்த இரு குணகங்களையும் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு வாளியும் கடிகாரமும் வெளியேற்றத்தைச் சொல்லும். ஓர் அளவு நாடா வேகத்தைச் சொல்லும். கிடையாகப் புறப்பட்ட தாரை 1 மீட்டர் கீழே விழ 0.45 வினாடி ஆகிறது. முழு வேகமும் இருந்தால் அது துளையிலிருந்து 2.68 மீட்டர் தள்ளித் தரையைத் தொட வேண்டும். 2.63 மீட்டரில் தொட்டால் வேகக் குணகம் 0.98. தொடும் இடம் இதற்கு மிகவும் உள்ளே இருந்தால் விளிம்பில் துரு, பிசிறு, அல்லது துளையே சரிவாக இருப்பது போன்ற குறை இருக்கிறது என்று பொருள். தாரை கண்ணாடிக் கம்பிபோல் தெளிவாக இல்லாமல் நார்நாராகத் தெரிந்தாலும் அப்படியே.

அதே துளையில் 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் 36 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு குட்டைக் குழாயைச் செருகினால் என்ன ஆகும்? குழாய் என்றால் உராய்வு, ஆகவே நீர் குறையும் என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மையில் நீர் கூடுகிறது. வெளியேற்றக் குணகம் 0.61-லிருந்து 0.82-க்கு உயர்ந்து, வினாடிக்கு 0.41 லிட்டர் 0.55 லிட்டர் ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு லாபம். தாரையின் வேகம் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான்: 5.94-லிருந்து 4.87-க்கு. ஆனால் நீர் சுருங்கிய பிறகு மீண்டும் விரிந்து குழாயை நிறைத்துக்கொண்டு வெளிவருவதால், பாயும் பரப்பு முழுத் துளையின் பரப்பாகிவிடுகிறது.

இங்கே மூன்றாவதாக ஒரு புள்ளியைக் குழாய்க்குள் இருக்கும் கழுத்தில் வைத்தால் சமன்பாடு இன்னொன்றையும் காட்டும். கழுத்தின் பரப்பு 0.62 பங்கு என்பதால் அங்கே வேகம் 4.87-ஐ 0.62-ஆல் வகுத்தது, அதாவது வினாடிக்கு 7.86 மீட்டர். டாரிசெல்லி சொன்ன வேகத்தைவிட இது அதிகம்! அதற்குரிய உயரம் 3.15 மீட்டர். கையில் இருப்பதோ 1.8 மீட்டர். பற்றாக்குறையான 1.35 மீட்டரை அழுத்தம் ஈடுகட்ட வேண்டும். கழுத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைவிட 1.35 மீட்டர் நீரளவு தாழ்ந்துவிடுகிறது. டாரிசெல்லியின் வேகம் இயற்கை விதித்த உச்சவரம்பு அல்ல. வெளியழுத்தம் வளிமண்டல அழுத்தமாக இருக்கும்போது கிடைக்கும் மதிப்பு மட்டுமே. அந்த இடத்தில் குழாயில் ஊசித்துளை இட்டால் நீர் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். போனதும் தாரை குழாய்ச் சுவரை விட்டு விலகி, வெளியேற்றம் பழையபடி 0.41 லிட்டருக்கு இறங்கிவிடும். நீர்மட்டம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு உயர்ந்தாலும் இந்த லாபம் நிலைக்காது. கழுத்தின் அழுத்தம் வெற்றிடத்தை நெருங்கி நீர் அங்கேயே ஆவியாகத் தொடங்கும்.

வாயில் பொருத்தும் குழாய் நீரைக் கூட்டும் என்பது சமன்பாடு பிறக்கும் முன்பே நீர் திருடுவோருக்குத் தெரிந்திருந்தது. கி.பி. 97-இல் ரோம் நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃப்ரொண்டினுஸ், தம் நூலில் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். ஒவ்வோர் இணைப்புக்கும் அளவு குறிக்கப்பட்ட வெண்கலக் குழல் பொருத்தப்பட்டது. அதன் நீளம் குறைந்தது 12 விரற்கடை இருக்க வேண்டும். அதைத் தொடர்ந்து 50 அடி வரை வரும் குழாயும் குழலைவிட அகலமாக இருக்கக் கூடாது என்பது விதி. விதி இருந்ததே மீறல் இருந்ததற்குச் சான்று. ஆனால் ரோமானியர் கட்டணத்தைத் துளையின் பரப்பை வைத்தே கணக்கிட்டனர். குழல் ஆழத்தில் இருந்தால் அதிகம் வரும் என்று ஃப்ரொண்டினுஸ் அறிந்திருந்தும், எவ்வளவு அதிகம் என்று சொல்ல அவரிடம் வழி இல்லை.

இதுவரை நீர்மட்டம் 1.8 மீட்டரிலேயே நிற்பதாகக் கொள்ளப்பட்டது. மேலே நீர் ஊற்றாவிட்டால் அது இறங்கும். ஓட்டம் நேரத்தோடு மாறாது என்ற நிபந்தனை கண்டிப்பாகப் பார்த்தால் உடைகிறது. ஆனால் மாற்றம் மிக மெதுவானது. துளையருகே நீர் தன் வேகத்தைச் சரிசெய்துகொள்ள வினாடியின் நூற்றில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை. மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கவோ இரண்டு வினாடி ஆகிறது. ஆகவே ஒவ்வொரு கணத்திலும் அந்த நேரத்து உயரத்தைப் போட்டுக் கணக்கிடுவது சரியே. அப்படிச் செய்து கூட்டினால், மட்டத்தின் வர்க்கமூலம் நேரத்தோடு ஒரே சீராகக் குறைகிறது என்று தெரியவரும். துளைக்கு மேலே உள்ள 1,414 லிட்டரும் தொடக்க வேகத்திலேயே வெளியேறினால் 57 நிமிடத்தில் தீர்ந்துவிடும். உண்மையில் அதைப்போல் சரியாக இரண்டு மடங்கு, ஏறக்குறைய 1 மணி 55 நிமிடம், ஆகும். பாதி நேரம் கழிந்தபோதே முக்கால்வாசி நீர் போயிருக்கும். கடைசிக் கால்வாசி மீதி நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மட்டம் துளையின் விட்டத்தைப்போல் சில மடங்கு அளவுக்கு இறங்கிவிட்ட பின் இந்தக் கணக்கு செல்லாது. துளையின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் ஒரே ஆழம் என்று அப்போது சொல்ல முடியாது. காற்றும் சுழலோடு உள்ளே இழுபடலாம்.

ஏரி மதகு போன்ற இடங்களில் இன்னொரு நிலைமை வரும். வெளியே வாய்க்காலில் நீர் உயர்ந்து மதகின் கண்ணை மூடிவிட்டால் தாரையைச் சூழ்ந்திருப்பது காற்றல்ல, நீர். அப்போது p₂ வளிமண்டல அழுத்தம் அல்ல. வாய்க்கால் நீரின் ஆழத்துக்கு உரிய அழுத்தம் அதில் கூடும். கணக்கை முடித்தால் H என்பது ஏரியின் மட்டத்துக்கும் வாய்க்காலின் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு என்று எளிதாகிவிடும். கண் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது அதன்பின் பொருட்டே இல்லை.

மேல்பக்கம் மூடிய தொட்டியில் முதல் புள்ளியின் அழுத்தம் மாறும். நீருக்கு மேலே காற்றை 50 கிலோபாஸ்கல் கூடுதலாக அடைத்து வைத்தால் அது 5.1 மீட்டர் உயரத்துக்குச் சமம், 1.8-உடன் சேர்ந்து 6.9 மீட்டர், தாரை வினாடிக்கு 11.6 மீட்டர். மாறாக, காற்று நுழைய வழியின்றி மூடிவிட்டால் மட்டம் இறங்க இறங்க மேலே உள்ள காற்று விரிந்து அழுத்தம் குறையும். அந்தக் குறைவு மீதமுள்ள நீர் உயரத்துக்குச் சமமானதும் தாரை நின்றுவிடும். காற்றுத்துளை அடைபட்ட மேல்நிலைத் தொட்டியில் நீர் இருந்தும் குழாயில் விட்டுவிட்டு வருவதற்கு இதுவே காரணம்.

வீட்டு மேல்நிலைத் தொட்டிக்கு வந்தால், √(2gH) அப்படியே பொருந்தாது. நீர்மட்டம் குழாய் வாயைவிட 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் வேகம் வினாடிக்கு 10.8 மீட்டர் வர வேண்டும். அப்படி வந்தால் வாளியே கவிழ்ந்துவிடும். இடையில் இருக்கும் நீண்ட குழாய் ஆற்றலை விழுங்குகிறது. அதைச் சமன்பாட்டில் தனி உறுப்பாகச் சேர்க்க வேண்டும். புள்ளிகள் மாறுவதில்லை: ஒன்று தொட்டியின் மேல்மட்டம், மற்றொன்று குழாய் வாயில் காற்றைத் தொடும் நீர்.

H = (v²/2g) × (1 + இழப்புகள்)

20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சற்றுப் பழைய குழாய் 15 மீட்டர் நீளம் இருந்தால், உராய்வுக் குணகத்தை 0.03 என்று கொள்ளும்போது, உராய்வுக்கு மட்டும் 22.5 வரும். தொட்டியின் வாய்க்கு 0.5, ஐந்து வளைவுகளுக்கு 4.5, திறப்பு வால்வுக்கும் குழாய்த் தலைக்கும் தோராயமாக 10. தாரையின் வேகத்துக்கு உரிய 1-ஐயும் சேர்த்தால் மொத்தம் 38.5. வேகம் வினாடிக்கு 1.75 மீட்டர், நிமிடத்துக்கு 33 லிட்டர். 6 மீட்டர் உயரத்தில் வேகமாக மிஞ்சுவது 16 சென்டிமீட்டருக்கு உரியது. மீதியெல்லாம் வழியிலேயே நீரையும் குழாயையும் உணர முடியாத அளவு சூடாக்கிவிட்டுப் போகிறது.

நீர் மெதுவாக வருகிறது என்று தொட்டியை 1 மீட்டர் உயர்த்திக் கட்டுவோர் உண்டு. மேலே உள்ள வாய்பாட்டில் H-ஐ 7 ஆக்கினால் கிடைக்கும் லாபம் எட்டு சதவீதம்தான், ஏனெனில் உயரம் வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. அதே குழாயை, வால்வோடும் குழாய்த் தலையோடும் சேர்த்து, 25 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு மாற்றினால் நிமிடத்துக்கு 33 லிட்டர் ஏறக்குறைய 55 லிட்டர் ஆகும். நீர் கூடுதலாக வேண்டும் என்போர் கொத்தனாரை அழைக்கும் முன் பிளம்பரை அழைப்பதே சிக்கனம்.